கப்பல் வர்றதுக்குள்ள சரியாகிற போன்

இருங்காட்டுக்கோட்டையில கார் கம்பெனிக்குத் திரும்புற முனையில மஞ்சா போர்டு போட்ட எஸ்.டி.டி. பூத்து என்னுது. 2005 வாக்குல செல்போன் வந்து என் பொழப்பைப் படுக்கவச்சுகினு இருந்தது. அந்த எரிச்சல் எனக்கு நிறைய உண்டு. அப்படியும் பூத்துக்கு மேலயே, என் வூட்டு மாடியில குடியிருந்த வேல்விழி செல்போன் வாங்கின கதையை நான்தான் சொல்லணும். கூடவே இருந்து பாத்தவ நான் ஒருத்திதான்.

வேல்விழிக்கு ஊரு நாங்குநேரி பக்கம். ஒயரிங் கம்பெனியில கான்ட்ராக்ட் வேலை. கூட வேலை பாக்குற அஞ்சு பொண்ணுங்களோட ஒரே ரூம்ல இருந்தா. வூட்டுக்காரன் காசிராஜன் சரக்குக் கப்பல்ல சமையல்காரன். கப்பல் கரைக்கு வந்தாத்தான் பொண்டாட்டிக்குப் போன் பண்ண முடியும். எந்த ஊர்ல நிக்கும், எத்தினி மணிக்கு நிக்கும்னு அவனுக்கே தெரியாது.

அவன் என் பூத்துக்குத்தான் பண்ணுவான். ஒருவாட்டி விடிகாலையில பண்ணிட்டான். ஷட்டர் மூடிக் கெடக்குது, உள்ளார மணி அடிக்குது. இவ மாடியில இருந்து ஓடியாந்து என் கதவைத் தட்டி, நான் சாவியைத் தேடி எடுத்துத் தொறக்கறதுக்குள்ள நின்னுபோச்சு. அதுக்கப்புறம் ரெண்டு மாசம் கப்பல் தண்ணியிலயே கெடந்தது. இவ தெனம் வந்து, "கால் வந்திச்சாக்கா?"ன்னு கேப்பா. இல்லம்மான்னு சொல்லிச் சொல்லி எனக்கே வெறுத்துப்போச்சு.

அப்பத்தான் போன் வாங்கறதுன்னு முடிவு பண்ணா. மத்த பொண்ணுங்கன்னா கலர் இருக்குதா, பாட்டு வருதான்னு கேப்பாங்க. இவ ஸ்ரீபெரும்புதூர் கடை கடையா ஏறி, "ரிப்பேர் ஆனா எங்க குடுக்கணும், எத்தன நாள்ல தருவாங்க?"ன்னு கேட்டா. கடைக்காரனுங்க, இன்னாடா இது, வாங்கறதுக்கு முன்னாடியே அபசகுனமா பேசுதுன்னு பாத்தானுங்க.

எனக்கும் சிரிப்புதான். "ஏன்டி, மாப்பிள்ளை பாக்கும்போது இவ்ளோ விசாரிச்சியா?"ன்னேன்.

"அவுகளுக்கு வாரன்டி கெடையாதுல்லாக்கா"ன்னா, மொகத்தைப் பாவமா வச்சுகினு. பொல்லாத பொண்ணு.

அவ பாத்ததுல மூணு தேறிச்சு. மொதல்ல பர்மா பஜார் போன். ரொம்ப சல்லிசு, ஆனா பில்லு கெடையாது. வெளிநாட்டுல விக்கறதுக்குன்னு வந்த சரக்கு, அதனால இங்க கம்பெனி வாரன்டி செல்லாது. கடைக்காரன் வாய்வார்த்தைதான். அதைத் தள்ளிட்டா. ரெண்டாவது செரிக்கான்னு ஒரு கலர் போன். வாரன்டி ஒரு வருஷம். ஆனா ரிப்பேருன்னா விக்கற கடையிலயே குடுக்கணும். அவன் மூட்டை கட்டி மெட்ராசுக்குக் கூரியர்ல அனுப்புவான். போய்த் திரும்ப மூணு வாரம் ஆகும். மூணாவது நோவல்னு ஒரு போன். கறுப்பு வெள்ளை, சோப்பு டப்பா கணக்கா இருக்கும். அதுக்கும் ஒரு வருஷம்தான், பேட்டரிக்கும் சார்ஜருக்கும் ஆறே மாசம். ஆனா காஞ்சிபுரத்துல கம்பெனியோட சொந்த சர்வீஸ் சென்டர். மாத்துற சாமான் கையில இருந்தா அன்னிக்கே செஞ்சு குடுத்துடுவான்.

கடைக்காரன் சொன்னான்னு நம்பிடுவாளா? பஸ் ஏறிப் போயி அந்த சென்டர்லயே உக்காந்து, குடுத்தவங்க எல்லாம் போனோட திரும்பறாங்களான்னு பாத்துட்டு வந்தா. ஞாயித்துக்கெழமை லீவு, ஆனா காலை ஷிப்டு முடிச்சிட்டுப் போனா சாயங்காலம் வரைக்கும் தொறந்திருக்கும்னு அதையும் கேட்டுகினு வந்தா.

"மூணு வாரம் போன் மெட்ராஸ்ல கெடந்தா, கப்பல் வந்துட்டுப் போயிரும்லாக்கா. சிம்மை வேற போன்ல போடலாம்னா எங்க ரூம்ல யார்ட்ட போன் இருக்கு?"ன்னா. நோவலையே வாங்கினா. ரூம்ல எல்லாம் சோப்பு டப்பான்னே பேரு வச்சாளுங்க. பில்லுல கடை சீல் இருக்குதா, பேட்டரிக்கு அடியில இருக்குற கம்பெனி நம்பரு பில்லுல சரியா எறங்கியிருக்குதான்னு பாத்து வாங்கி, வாரன்டி அட்டையோட பெட்டியில பூட்டிட்டா.

நாலு மாசம் நல்லா ஓடிச்சு. காசிராஜன் ரெண்டுவாட்டி பேசினான். கம்பெனி கேட்டுல போனை வாங்கி வச்சுகுவாங்க, மிச்ச நேரம் பூரா இவ கையிலதான். அப்புறம் ஒரு நாளு போன்ல பேசறது காதுல விழலை. மணி அடிக்குது, எடுத்தா கம்முனு கெடக்குது. அந்த வாரம்தான் கப்பல் கொழும்புக்கு வரும்னு அவன் சொல்லியிருந்தான். அடுத்த நாளு ஷிப்டு முடிச்சு காஞ்சிபுரம் போறதுன்னு இவ முடிவு பண்ணி, போனை பெட்டி மேல வச்சிட்டுக் குளிக்கப் போனா.

ரூம்ல செல்லக்கனின்னு ஒருத்தி. அதே ஊர்க்காரி, நல்ல பொண்ணு. கம்பெனியில அவளுக்கு ரீவொர்க் வேலை. லைன்ல பெயிலான பீஸெல்லாம் அவ டேபிளுக்குத்தான் வரும், கழட்டி சரி பண்ணி அனுப்புவா. பெயிலான பீஸைப் பாத்தா அவ கை சும்மா இருக்காது. கம்மல் சைஸு திருப்புளி ஒண்ணு வச்சிருந்தா. வேல்விழி தலை தொவட்டிகினு வர்றதுக்குள்ள போனைக் கழட்டி, ஊதி, தொடைச்சு, திரும்ப மாட்டியும் வச்சிட்டா. ஒரு ஸ்க்ரூ மிச்சமில்லை. போன் மட்டும் அப்பவும் பேசலை.

வேல்விழி போனைத் திருப்பிப் பாத்தா. ஸ்க்ரூ மேல ஒட்டியிருந்த சின்ன ஸ்டிக்கர் கிழிஞ்சிருந்தது. வெளியாளு தொறந்தா வாரன்டி போச்சுன்றதுக்கு அதான் அடையாளம். அது இவளுக்கு மனப்பாடம். ரூமுக்கே சொல்லியும் வச்சிருந்தா.

"வெளியில ரிப்பேருக்குக் குடுக்கக் கூடாதுன்னுதான சொன்ன? நா சும்மா கழட்டித்தான மாட்டினேன்!"னு செல்லக்கனி அழுவுறா. தெனம் ஆயிரம் ஸ்க்ரூ கழட்டறவளுக்கு அது ஒரு தப்பாவே தெரியலை. வேல்விழி அவளைத் திட்டாம, பெட்டியைத் தொறந்து பில்லையும் வாரன்டி அட்டையையும் எடுத்துப் பையில வச்சா.

மறுநாளு நானும் கூடப் போனேன். கவுன்ட்டர்ல ஜெபகுமார்னு ஒரு பையன். பில்லு பாத்தான், பேட்டரியைக் கழட்டி அடியில இருந்த நம்பரை ஒத்துப் பாத்தான். தண்ணி பட்டா செவக்குற ஸ்டிக்கர் வெள்ளையாவே இருந்தது. அப்புறம் ஸ்க்ரூவைப் பாத்தான்.

"தொறந்திருக்காங்கக்கா. வாரன்டி வராது."

நான் விடலை. "இன்னாபா, நாலு மாசத்துல புட்டுகினா அது உங்க குத்தமில்லையா? ஸ்டிக்கரு பேசறதையா கேக்கப்போறா?"ன்னு எகிறினேன்.

பாவம், அவன் பொறுமையாத்தான் சொன்னான். "வேணும்னா மெட்ராஸ் ஆபீசுக்கு எழுதி அனுப்பறேன். ஓசியில செய்யச் சொன்னாலும் சொல்லுவாங்க. ரெண்டு வாரம் ஆவும். இல்ல, காசு குடுத்தீங்கன்னா ஸ்பீக்கர் ஸ்டாக் இருக்குது, ஒரு மணி நேரத்துல மாத்திடலாம்."

நான் மெட்ராசுக்கே அனுப்புன்னு சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள வேல்விழி பர்ஸைத் தொறந்துட்டா.

"வாரன்டிக்காகத்தான இவ்ளோ அலைஞ்சே?"ன்னேன்.

"இல்லக்கா. இந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் அலைஞ்சேன்"ன்னா. அப்பத்தான் என் மரமண்டைக்கு உறைச்சுது.

திரும்பும்போது பஸ்ல செம கூட்டம். எனக்கு மட்டும் சீட்டு கெடைச்சுது, அவ கம்பியைப் புடிச்சுகினு நின்னா. சுங்குவார்சத்திரம் தாண்டும்போது போன் அடிச்சுது. நம்பரு நீளமா இருந்தது. எடுத்துக் காதுல வச்சா. அந்தப் பக்கம் அவன் அவங்க ஊர்ப் பேச்சுல, "கேக்கா? நா பேசுதது கேக்கா?"ன்னு கத்துறது எனக்கே கேட்டுது.

சோறு தின்னீகளா, ஒடம்பு எப்படி இருக்குன்னு கேக்க எத்தினியோ வச்சிருப்பா. ஒண்ணையும் கேக்கலை. கண்ணுல தண்ணி கொட்டுது, பஸ்ஸே திரும்பிப் பாக்குது, அவ சொன்னதையே சொல்லிகினு நிக்குறா.

"கேக்கு. கேக்கு. நல்லா கேக்கு."