நாலு சென்டிமீட்டர்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. அந்தக் கோபத்தால் ஒரு மனிதருக்கு நான் செய்ததைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் பெங்களூர் பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் நான் கிளார்க். அங்கே தரையில் வண்டிகள் போகும் பாதைக்குக் கோடு போடும் வேலைக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பதும் என் பொறுப்பு. கோடு போடுகிறவர் ஆஸ்டின் டவுன்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அவரை அண்ணா என்பேன், அவர் என்னை சார் என்பார். ஏழு வருடமாகக் காண்டிராக்டில் இருந்தார். அந்த வருடம் பர்மனென்ட் செய்யும் பட்டியலில் அவர் பெயரை எழுதியிருப்பதாக மேனேஜரே சொல்லியிருந்தார்.

காலியான ஒரு ஷெட்டை பேட்மின்டன் ஹாலாக்கினார்கள். மற்ற தொழிற்சாலைகளும் ஆட வரும் போட்டி, நான்தான் கிளப் செக்ரட்டரி. பச்சை பூசிய சிமென்ட் தரை காய்ந்ததும் அண்ணாவிடம் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தேன்: உள்ளளவு, நீளம் 13.40 மீட்டர், அகலம் 6.10.

முதல் நாள் இருவரும் டேப்பைப் பிடித்து நாலு மூலைகளைக் குறித்தோம். மூலைக்கு மூலை குறுக்கே பிடித்தால் இரண்டு பக்கமும் 14.72 வர வேண்டும். ஒரு பக்கம் கொஞ்சம் கூடியது, மூலையை நகர்த்தினோம், சரியானது. சுண்ணப்பொடி தடவிய நூலை இழுத்துச் சுண்டினார். அதோடு நான் ஆபீசுக்குப் போய்விட்டேன். எல்லைக் கோடுகளை அவர் தனியாகப் பூசினார்.

மறுநாள் உள்கோடுகளுக்கு நானும் நின்றேன். வலையிலிருந்து 1.98 மீட்டரில் சர்வீஸ் கோடு, பின் எல்லையிலிருந்து 0.76 உள்ளே இரட்டையர் சர்வீஸ் கோடு, பக்கத்தில் 0.46 உள்ளே ஒற்றையர் கோடு. எல்லாம் அந்தச் சுண்ண நூல் குறியிலிருந்து அளந்தோம், எல்லாம் சரி. வெளிக் கோடு அந்தக் குறிக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று நான் பார்க்கவே இல்லை. கண் இருந்தும் குருடன்.

போட்டிக்கு முந்தின நாள் காலையில் ரெஃப்ரி வந்தார். எஃகு டேப்பைக் கோட்டின் வெளி ஓரத்திலிருந்து எதிர் வெளி ஓரத்துக்குப் பிடித்தார். 13.48. அகலம் 6.18.

"கோடும் கோர்ட்டுக்குள்ளதான் சேரும். நீங்க நாலு பக்கமும் நாலு சென்டிமீட்டர் வெளிய போட்டிருக்கீங்க. மாத்தலன்னா இங்க ஆட முடியாது" என்றார்.

மேனேஜர் என்னைப் பார்த்து, "யாரு மாடித்து இது?" என்று கன்னடத்தில் கேட்டார், யார் செய்தது என்று.

நான் அண்ணாவின் பக்கம் திரும்பினேன். "ஏய், அளவு தெரியுமா தெரியாதா உனக்கு? ஏழு வருஷமா என்னத்தப் புடுங்கின? மானத்த வாங்கிட்டியே!"

ஏய். உனக்கு. அத்தனை பேர் முன்னால்.

அவர் கை சட்டைப் பைக்குப் போனது, பாதியில் நின்றது. "சாயங்காலத்துக்குள்ள மாத்திடறேன் சார்" என்றார். மேனேஜர் போய்விட்டார்.

பட்டித் தகட்டால் வெள்ளையைச் சுரண்டி, அங்கே பச்சை பூசி, குறிக்கு உள்பக்கம் நாலு சென்டிமீட்டர் அகலத்தில் புதுக் கோடு போட்டார். மதியம் சாப்பிடவில்லை. மாலையில் நான் அளந்தேன், 13.40. அப்போதுதான் பையிலிருந்து அந்தச் சீட்டை எடுத்து நீட்டினார்.

"நீங்களே வெச்சிக்குங்க சார். உள்ளளவுன்னு நீங்கதான் எழுதினீங்க. நம்ம பாதைக்கு எப்பவும் வண்டி போற எடத்த விட்டுட்டு, வெளியதானே பெயின்ட் அடிப்போம்? அதே மாதிரி அடிச்சிட்டேன்."

ஐயோ, ஆமாம். ஏழு வருடமாக நான் எழுதிக் கொடுத்த ஒவ்வொரு சீட்டிலும் அதே சொல்தான். கை பழகிய பழக்கத்தில் அதையே எழுதியிருந்தேன்.

"அப்பவே காட்டியிருக்கலாமே அண்ணா."

"காட்டினா உங்களுக்குத்தானே கஷ்டம்."

தப்பு என்னுடையது என்று போய்ச் சொல்ல, மேனேஜர் அறை ஹாலிலிருந்து எட்டிப்பிடிக்கும் தூரம். போட்டி முடியட்டும் என்றேன் எனக்குள். முடிந்தது. கோப்பை கொடுக்கும் நல்ல நேரத்தில் எதற்கு என்றேன். அதுவும் முடிந்தது. என் கோழைத்தனத்துக்கு நாளுக்கு ஒரு சாக்கு கிடைத்தது. சீட்டு என் மேசை டிராயரிலேயே கிடந்தது.

பட்டியல் நோட்டீஸ் போர்டில் வந்தபோது அதில் அவர் பெயர் இல்லை. அந்த மாதமே வேறு இடம் பார்த்துக்கொண்டு கிளம்பினார். சொல்லிக்கொள்ள என் மேசைக்கு வந்தார். நான் எழுந்து நின்றேன்.

"கோர்ட்டுல இப்ப ஒண்ணும் தகராறு இல்லயே சார்?" என்று கேட்டார்.

"இல்லண்ணா. சரியா இருக்கு" என்றேன்.