ஒரே லொறிக்கு இரண்டு பட்டியல்

யுத்த காலம். திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்து நிவாரணக் களஞ்சியத்தில் கணினி என் பொறுப்பு. பத்து நிமிடத்துக்கொருமுறை ஒரு புரோகிராம் தானாக ஓடி, அச்சிடாத லொறிச் சாமான் பட்டியல்களை அச்சிட்டு, எல்லாம் முடிந்தபிறகே 'முடிந்தது' என்று குறிக்கும். பிரிண்டரோ கிழடு. அது முடிப்பதற்குள் அடுத்த ஓட்டம் தொடங்கிவிடும்; ஈச்சிலம்பற்றுக்குப் போகும் லொறிக்கு இரண்டு பட்டியல் வரும். இரண்டைக் கண்டால் சோதனைச்சாவடியில் மறித்துவிடுவார்கள்.

தரவுத்தளத்தில் ஓர் எண்ணைச் சொல்லிப் பூட்டுக் கேட்கலாம்; ஒரு நேரத்தில் ஓர் ஓட்டத்துக்குத்தான் அது கிடைக்கும். புரோகிராம் தொடங்கும்போதே கேட்க வைத்தேன். வேறோர் ஓட்டம் அதை வைத்திருந்தால் அச்சிடாமல் திரும்பிவிடும். துள்ளிக் குதித்தேன். மறுநாளும் இரண்டு!

"ஓம் தம்பி, அவசரமெண்டு நீங்கள் முந்தித் தந்த புரோகிராமைக் கையால ஓட்டினனான்," என்றார் களஞ்சியப் பொறுப்பாளர் அக்கா. பழையது பூட்டைக் கேட்பதில்லை. கேட்காததை அந்தப் பூட்டு மறிப்பதுமில்லை.

எரிச்சலோடு பழையதை அழித்து, புதியதையே அவருக்கும் கொடுத்தேன். அடுத்த நாள் அவர் ஓட்டியபோது, "ஏற்கெனவே அச்சாகிறது" என்று திரையில் வந்தது. அக்கா கதிரையை விட்டெழும்பிக் கைதட்டினார்.

"வாழ்க்கையில முதல்முறையா, என்னை மறிச்சதுக்குச் சந்தோசப்படுறன்!"