இரண்டாவது தட்டு

மலேசியாவில், செர்டாங்கில் நான் தேநீர் குடிக்கும் உணவகத்தின் மாடியில் ஞாயிறு மதியம் படம் போடுவார்கள். எது போடலாம் என்று முன்னதாகப் பார்த்துச் சொல்வது என் பொறுப்பு. பார்க்க வருபவர்கள் சராசரி முப்பத்தொரு பேர்.

சென்ற மாதம் ஒரு படத்தை வேண்டாமென்று தள்ளிவிட்டேன். ஒரு படகோட்டி, தம்பிதான் படகைத் திருடிப்போனான் என்று போலீசிடம் கதை சொல்கிறான். கடைசியில் பார்த்தால் தம்பி எப்போதோ செத்துவிட்டான்; திருடியது இவனே.

"வெறும் மோசடி. ரெண்டு மணி நேரம் பொய் சொல்லிட்டு, கடைசியில சும்மான்னா எப்படிப்பா?" என்றேன்.

உணவகக்காரருக்கு முகம் வாடியது. அந்தப் படத்தைப் போடுவதாக அவர் எல்லாரிடமும் சொல்லிவிட்டிருந்தார்.

"அண்ணே, இன்னொருவாட்டி பாருங்கலா. மோசடின்னா நானே நிறுத்திடறேன். இல்லேன்னா நீங்க முன்வரிசையில உக்காந்து, கடைசி வரைக்கும் வாயே தொறக்கக் கூடாது."

வாயைத் திறக்காமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று அவருக்குத் தெரியும். ஒப்புக்கொண்டேன்.

வீட்டில் பென்சிலோடு உட்கார்ந்தேன். தம்பி வருவது பதினான்கு காட்சிகளில். பதினான்கிலும் அண்ணன் பக்கத்தில் இருக்கிறான், அல்லது அவன் குரல் பின்னால் ஓடுகிறது. அவன் குரலும் இல்லாமல் அவனும் இல்லாமல் வரும் ஒன்பது காட்சிகளில் தம்பியின் நிழல்கூட இல்லை. பொய் சொன்னது அவன் வாய்தான். அவன் விலகியிருந்தபோது கேமரா பொய் சொல்லவில்லை. தம்பி பேசினால் அண்ணனைத் தவிர யாரும் பதில் சொல்வதில்லை. சட்டை எப்போதும் ஒன்றே.

பிறகு அந்தத் தட்டு. அம்மா இரண்டு தட்டில் சோறு போடுகிறாள். முதல் தடவை 'இரண்டு பேர்' என்று எழுதியிருந்தேன். தட்டை எண்ணினேனே தவிர, ஆளை எண்ணவில்லை. இரண்டாவதில் யாரும் கை வைக்கவில்லை. அதே நொடியில் பக்கத்து வீட்டுக்காரர் வழுக்கி விழுகிறார். சிரிப்பதா, தட்டைப் பார்ப்பதா? அடுத்த காட்சியில் அம்மா அந்தச் சோற்றைக் காக்கைக்கு வைக்கிறாள். என் தகப்பனாருக்கு வருஷா வருஷம் நானே படைத்துக் காக்கைக்கு வைக்கிறவன், வெறும் மீந்த சோறு என்று நினைத்துவிட்டேன்.

மறுநாள் காலை தேநீருக்கு முன்பே சொன்னேன்: "மோசடி இல்ல. என் கணக்குதான் தப்பு. போடுப்பா."

"அப்ப முன்வரிசைலா, அண்ணே!"

ஞாயிறன்று என்னைத் தவிர நாற்பத்திரண்டு பேர். திரையில் பக்கத்து வீட்டுக்காரர் விழுந்தார். நாற்பத்தொரு பேர் சிரித்தார்கள். சிரிக்காத ஒரே ஆள், எனக்குப் பின்னால் இருந்த அக்கா, மெதுவாகக் கேட்டார்: "அந்தத் தட்டுல ஏன் யாருமே சாப்பிடல?"

பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. குனிந்து, காலில் கிடந்த செருப்பையே தேட ஆரம்பித்தேன்.