இலவச பிக்கப், காலை எட்டு முதல் பத்து வரை

என் சித்தப்பாவுக்கு அவர் கார் கழுவும் கொட்டகையில் 'மூணு துணி' என்று ஒரு பெயர் உண்டு. நேருக்கு நேர் யாரும் சொல்ல மாட்டார்கள். உடம்புக்கு ஒரு துணி, கண்ணாடிக்கு ஒரு துணி, சக்கரத்துக்கு ஒரு துணி. மூன்றுக்கும் மூன்று நிறம், மூன்று வாளி. சக்கரத் துணி தவறிப் போய்க் கதவில் பட்டுவிட்டால் அவ்வளவுதான், கொட்டகையே அதிரும்.

"அதுல மண்ணு இருக்குய்யா, மண்ணு! நீ துடைக்கல, உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற! வண்டிக்காரன் கண்ணுல தண்ணி வரும், வண்டிக்கு வராது, அதான் வித்தியாசம்!"

பதினேழு வருடம் ஒரு முதலாளியிடம் டிரைவராக இருந்தவர். "சரிங்க சார், வந்துட்டேன் சார், நிக்கிறேன் சார்" என்று முதுகு வளைந்த குரல் ஒன்று அவரிடம் உண்டு. ஐம்பது வயதில் அந்தக் குரலைத் தூக்கி எறிந்துவிட்டு, சேர்த்து வைத்ததைப் போட்டுக் கொட்டகை ஆரம்பித்தார். ஒரே நேரத்தில் இரண்டு வண்டி நிற்கலாம். பிரஷர் பம்பு ஒன்று, வேக்குவம் ஒன்று. வெளிப்பக்கம் பார்க்க நுரை அண்ணன், உள்பக்கம் பார்க்க வேக்குவம் அக்கா. இரண்டு பேருக்கும் கார் ஓட்டத் தெரியாது. இது முக்கியம், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு நாங்கள் யாருமே வைத்துக்கொள்ளவில்லை.

எதிர் பெட்ரோல் பங்கில் தானாகவே கழுவும் மெஷின் வந்ததும் கொட்டகை காற்று வாங்க ஆரம்பித்தது. ஏழு நிமிஷத்தில் வண்டி வெளியே வந்துவிடும். அதற்குள் சித்தப்பா ஒரு சக்கரத்தைக்கூட முடித்திருக்க மாட்டார். கொட்டகை நின்ற இடத்துக்காரர், இன்னும் ஒரு வருடம் வேண்டுமா வேண்டாமா என்பதை மாதக் கடைசிக்குள் சொல்லச் சொல்லிவிட்டார்.

"மாசச் சந்தா போடுவோம். பத்துப் பேர் சேர்ந்தா கொட்டகை. சேரலன்னா நீங்க மறுபடி எங்கயாவது டிரைவரா போங்க" என்றாள் சித்தி. ஒரு கண் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் இருப்பவள். டோக்கன் கொடுக்கிற குரலில்தான் வீட்டிலும் பேசுவாள்.

"நான் இனிமே யாருக்கும் கதவு திறந்து விட மாட்டேன்" என்றார் சித்தப்பா.

கொட்டகைக்கென்று இணையத்தில் ஒரு பக்கம் வைத்து அதில் படம் போடுவது நான். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்னைக் கூப்பிட்டு, போனைக் கையில் கொடுத்து, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

"எழுதிக்கோம்மா. முதல் பேக்கேஜ். மாசம் நாலு தடவை வெளிப்பக்கம் நுரை வாஷ். பக்கத்துலயே போடு, வெயில்ல கொதிச்சிட்டு வர்ற வண்டிய வந்த உடனே கழுவ மாட்டோம், ஆறணும், இல்லன்னா தண்ணிக்கறை விழும்."

"ஏங்க, இது கேப்ஷனா, கோர்ட்டு நோட்டீஸா?"

"உண்மைய சொல்லணும்ல. ரெண்டாவது, நாலு வாஷ், ரெண்டு தடவை உள்பக்கம் வேக்குவம். சீட்டுல நாய்முடி இருந்தா கூட அரைமணி நேரம் ஆகும்."

"நாய வெட்டு" என்றாள் சித்தி என்னிடம். வெட்டினேன்.

மூன்றாவதில் நான் முந்திக்கொண்டு 'மாதாமாதம் பாலிஷ்' என்று அடித்துவிட்டேன். எட்டிப் பார்த்தவர் நாற்காலியிலிருந்து துள்ளினார்.

"பாலிஷா! மாசாமாசம் பாலிஷ் போட்டா பெயின்ட்டுக்கு மேல இருக்கிற பூச்சு தேஞ்சு போயிடும்மா! பாலிஷ்ங்கிறது தேய்க்கிறது. வாக்ஸ்ங்கிறது பூசுறது. நீ டெய்லி பல்லு விளக்குற சரி, டெய்லி பல்ல ராவுவியா?"

வாக்ஸ் என்று மாற்றினேன். அடுத்தது பிக்கப். வீட்டுக்கே போய் வண்டியை எடுத்து வந்து, கழுவித் திரும்ப விடுவது. அதுவரை ஒரே ஒரு பழைய வாடிக்கைக்காரருக்கு மட்டும் செய்துகொண்டிருந்தார்.

"பிக்கப் உண்டு. நாலு கிலோமீட்டருக்குள்ள. முந்தின நாள் அஞ்சு மணிக்குள்ள சொல்லணும். ஒரு நாளைக்கு ரெண்டு வண்டிதான்."

"ரெண்டு வண்டின்னு போட்டா கடை எவ்ளோ சின்னதுன்னு ஊருக்கே தெரிஞ்சிடும்" என்றாள் சித்தி. "சும்மா 'இலவச பிக்கப்'னு போடு. இப்ப எல்லாரும் ஒரே நாள்லயா கூப்பிடப் போறாங்க?"

கேப்ஷன் இப்படிப் போனது:

*உங்க கார், எங்க பொறுப்பு! மாதச் சந்தா மூன்று வகை. சில்வர்: 4 நுரை வாஷ். கோல்டு: 4 நுரை வாஷ், 2 உள்பக்க வேக்குவம். பிளாட்டினம்: 4 நுரை வாஷ், 4 உள்பக்க வேக்குவம், 1 வாக்ஸ். காலை 8 முதல் மாலை 6 வரை. திங்கள் விடுமுறை. வீட்டுக்கே வந்து எடுத்துக்கொள்ள இலவச பிக்கப், காலை 8 முதல் 10 வரை!*

கடைசியில் இருந்த ஆச்சரியக்குறி சித்தியுடையது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலத்துக்குள் பதினொரு பேர் சேர்ந்துவிட்டார்கள். சித்தப்பா வாளிகளையெல்லாம் சோப்புப் போட்டுக் கழுவினார், வாளியே சந்தா கட்டியது மாதிரி. புதன்கிழமை காலை பிக்கப்புக்கு ஐந்து பேர் சொல்லியிருந்தார்கள். "இருபது நிமிஷத்துக்கு ஒண்ணு. கணக்கு சரியா வருது" என்றார்.

புதன் காலை சரியாக எட்டுக்கு ஸ்கூட்டரில் பல் டாக்டர் வீட்டுக்குப் போனார். ஸ்கூட்டரை வாசலில் நிறுத்திவிட்டு, சாவி வாங்கி, தெருவோரம் நின்ற காரைக் கொட்டகைக்கு ஓட்டி வந்தார். எட்டு இருபது. அண்ணனிடம் வண்டியைக் கொடுத்தார். அடுத்தது டிரைவிங் ஸ்கூல் மேடம். சட்டைப் பையில் கையை விட்டு ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். சாவியைப் பார்த்தார். வெளியே பார்த்தார். மறுபடி சாவியைப் பார்த்தார்.

ஸ்கூட்டர் டாக்டர் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தது.

"அண்ணே, டாக்டர் கார்லயே போயிட்டு வந்துடுங்களேன்" என்றார் நுரை அண்ணன்.

"கழுவக் குடுத்த வண்டில நான் ஊர் சுத்துறதா? நல்லாருக்கே! அப்படியே போனாலும் அங்க போயி டாக்டர் கார விட்டுட்டு மேடம் கார எடுத்துட்டு வரவா? அப்புறம் டாக்டர் கார எவன் கொண்டு வர்றது?"

அண்ணன் வாயைப் பிளந்து யோசித்தார். கணக்கு அவருக்கும் பிடிபட்டுவிட்டது. கூட ஓட்ட ஆள் இல்லாமல் எத்தனை தடவை போனாலும் ஏதாவது ஒரு வண்டி தப்பான வாசலில் நிற்கும்.

ஆட்டோ பிடித்து மேடம் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பது. மேடம் வாசலிலேயே நின்றிருந்தார். ஸ்டூடண்டைத் திட்டுகிற அதே தாளத்தில்: "கிளட்ச்ச மெதுவா விடுங்க. மெதுவா. எட்டரைன்னு சொல்லி ஒன்பதுக்கு வந்தா இப்படித்தான் அவசரம் வரும்."

அதற்குள் என் போன் அடிக்க ஆரம்பித்தது. கேப்ஷனில் என் நம்பரைத்தான் போட்டிருந்தோம். முதலில் பல் டாக்டர்.

"என் கேட்டுக்குக் குறுக்க ஒரு ஸ்கூட்டர் நிக்குதும்மா. மருமக காரு வெளிய வர முடியல. சைட் லாக் வேற போட்டிருக்கு. எங்க, நல்லா வாயத் திறந்து சொல்லுங்க, யாரு வண்டி அது?"

பிறகு கடிகாரக்காரர். ஆடிட்டர் ஆபீஸில் இருந்து ரிட்டயர் ஆனவர், நிமிஷத்துக்கு ஒரு தடவை மணி சொல்வார். "மணி ஒம்பது நாப்பத்தி ரெண்டு. யாரும் வரல." வைத்துவிட்டார். மறுபடி. "மணி ஒம்பது அம்பத்தி ஒண்ணு." மறுபடி. "பத்து அடிச்சாச்சு. நான் பங்க்கு மெஷினுக்கே போறேன். சந்தா வேண்டாம்."

பன்னிரண்டு மணிக்குள் நான்கு பேர் விலகிவிட்டார்கள். மிச்சம் ஏழு. சித்தப்பா கவிழ்த்துப் போட்ட வாளி மேல் உட்கார்ந்திருந்தார், கையில் கண்ணாடித் துணி. துடைக்க எதிரே எதுவும் இல்லை.

சாப்பாட்டு இடைவேளையில் சித்தி வந்தாள்.

"ரெண்டு வண்டிதான்னு சொன்னேன்ல நான்?" என்றார் சித்தப்பா.

"ரெண்டும் முடியாதுங்க! உங்ககிட்ட இருக்கிறது ஒரு ஸ்கூட்டர். அது எப்படி ரெண்டு வீட்டு வாசல்ல நிக்கும்? பதினேழு வருஷம் வண்டி ஓட்டினீங்களே, இது தெரியல?"

"முதலாளி வீட்டுல வண்டி ஒரே எடத்துலதான் நிக்கும்! நான்தான் அதுகிட்ட போவேன்!"

வேக்குவம் அக்கா மெஷினைப் போட்டுச் சத்தத்தைப் பெரிதாக்கிவிட்டார். குடும்பச் சண்டை கேட்காமல் இருக்க அவரிடம் இருக்கும் ஒரே வழி அது.

சித்தி போன பிறகு சித்தப்பா என் போனை வாங்கினார். பதினொரு பேரிடமும் ஒவ்வொருவராகப் பேசினார், விலகிப்போன நால்வரிடமும்கூட. "தப்புதாங்க சார். சரிங்க சார். இனிமே நடக்காதுங்க மேடம்." அந்தப் பழைய வளைந்த குரல். எந்தக் குரலுக்குப் பயந்து இவ்வளவும் செய்தாரோ, அதுவே கொட்டகைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. எல்லாருடைய குரலிலும் பேசிக் காட்டுகிற நான், இதை மட்டும் வீட்டில் யாருக்கும் செய்து காட்டியதில்லை.

கேப்ஷனைத் திருத்தினேன். 'ஒரு நாளைக்கு இரண்டு வண்டி மட்டும்.' ஆனால் பழையதை யார் யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பிவிட்டிருந்தார்கள். "போட்டிருக்கே? பத்து வரைன்னு போட்டிருக்கே?" என்று வேற்று ஆட்கள் இன்றைக்கும் கேட்கிறார்கள்.

மறுநாள் காலை ஏழே முக்காலுக்குச் சித்தி ஹெல்மெட்டோடு வாசலில் நின்றாள். ஆஸ்பத்திரி பத்துக்குத்தான்.

"ஏறுங்க."

"நீ ஓட்டி நான் பின்னாடியா?"

"வேற யாரு ஸ்கூட்டர திருப்பிக் கொண்டு வர்றது? ஏறுங்கன்னா!"

அவரை முதல் வீட்டில் இறக்கிவிட்டாள், ஸ்கூட்டரில் கொட்டகைக்கு வந்தாள், காரோடு வந்தவரை மறுபடி ஏற்றிக்கொண்டு இரண்டாவது வீடு. வழியெல்லாம் "பிரேக்க பிடி, பிரேக்க பிடி" என்று அவர், "நீங்க வாயப் பிடிங்க" என்று இவள். ஒன்பதரைக்குள் இரண்டு வண்டியும் கொட்டகையில் நின்றன. தினமும் இதேதான். மாலையில் வண்டிகளைத் திரும்ப விடவும் இதேதான். சித்திக்கு இடுப்பு வலி, சித்தப்பாவுக்கு மானம் போன வலி. இரண்டையும் இரண்டு பேரும் என்னிடம் தனித்தனியாகச் சொன்னார்கள்.

புதிதாக இரண்டு பேர் சேர்ந்து, மாதக் கடைசிக்கு முந்தின நாள் ஒன்பது பேர் இருந்தார்கள். அன்றைக்குக் கடிகாரக்காரர் தன் காரைத் தானே ஓட்டிக்கொண்டு கொட்டகைக்கு வந்தார்.

"மெஷின்ல போட்டேன். பாருங்க."

சித்தப்பா போன் டார்ச்சை பானெட் மேல் பிடித்தார். வட்டம் வட்டமாக மயிரிழைக் கீறல்கள்.

"முன்னாடி போன வண்டியோட மண்ணு அந்த பிரஷ்ல இருக்கும் சார். இதெல்லாம் பாலிஷ் போட்டாத்தான் போகும். ஒரு தடவை. மாசாமாசம் இல்ல" என்றார். குனியாத குரல்.

"சரி, சந்தாவுல சேந்துக்கிறேன். ஆனா பிக்கப் வேணும். புதன்கிழமை, ஒம்பது அம்பத்தஞ்சு. அதுக்கு முன்னாடி நான் கேட் திறக்க மாட்டேன். பத்து வரைன்னு நீங்கதான் போட்டீங்க." ஸ்கிரீன்ஷாட்டை நீட்டினார். சித்தியின் ஆச்சரியக்குறி அப்படியே இருந்தது.

சித்தப்பா சித்தியைப் பார்த்தார். அண்ணனும் அக்காவும் சித்தியைப் பார்த்தார்கள். சித்தி ஸ்கிரீன்ஷாட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு போனை எடுத்து ஆஸ்பத்திரிக்கு அடித்தாள்.

"மேடம், புதன்கிழமை மட்டும் பத்தரைக்கு வரட்டுமா? இல்ல மேடம், உடம்புக்கு ஒண்ணும் இல்ல. கார் எடுக்கப் போகணும். இல்ல மேடம், எங்க கார் இல்ல."

அவள் போனை வைக்கும் வரை காத்திருந்து, சித்தப்பா என் பக்கம் திரும்பினார்.

"எழுதிக்கோம்மா. பத்து பேர் ஆச்சு. சந்தா சேர்க்கை முடிஞ்சது. பிக்கப்புக்கு..."

"ஒரு எழுத்து சேத்தீங்க," என்றாள் சித்தி, "அந்த மூணு துணியையும் எடுத்து உங்க வாயில வச்சிடுவேன்."

"சக்கரத் துணிய மட்டும் வேண்டாம்," என்றார் சித்தப்பா, இடத்துக்காரர் நம்பரைத் தேடிக்கொண்டே. "அதுல மண்ணு இருக்கும்."