குங்குமம் வைத்த லேபிள்

விஜயநகர் செலுவநாராயணன் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்த்தது சம்பளத்துக்கு. ஊதுபத்தி லேபிள் சேர்த்தது சந்தோஷத்துக்கு. பீரோ நிறைய லேபிள். மனைவி லக்ஷ்மம்மாவுக்கோ அந்த வாசனையில் தும்மல். பெங்களூரில் மகனோடு போய் இருப்பதென்று முடிவானதும் லேபிள்களுக்கு வேறு இடம் பார்க்கவேண்டி வந்தது. எவன் கையிலாவது சிதறிப்போகுமோ என்ற கவலையில் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மண்டி மொஹல்லாவில் பழைய காகிதச் சாமான் விற்கும் மனோஜ்குமார் வந்தான். செலுவநாராயணன் ஒவ்வொன்றுக்கும் விலை போட்டுக் கூட்டி வைத்திருந்த தொகையைக் கேட்டுச் சிரித்தான்.

"பாதிக்கு மேல எல்லார்கிட்டயும் இருக்கறது சார். ஒண்ணொண்ணா விக்க எனக்கு வருஷக்கணக்காகும். மொத்தமா எடுத்தா இதுல கால்வாசி விலைதான் எனக்குக் கட்டும். நல்லதா பத்து பொறுக்கிக்கறேன், அதுக்கு முழு விலை."

"பத்தை நீ கொண்டுபோயிட்டா மிச்சத்தை யார் சீந்துவா?"

மனோஜ்குமார் நல்லவன். காபியைக் குடித்துவிட்டு உண்மையைச் சொன்னான். "அப்போ அந்த மூடிப்போன சந்தனக்கிளி கம்பெனி லேபிளை மட்டும் தனியா எடுங்க. முதல் லேபிள்லேர்ந்து கடைசிவரை ஒண்ணு விடாம இருக்கு. இன்னொருத்தர் இனிமே சேக்க முடியாது. அது முழுசா இருந்தா உங்க கூட்டலுக்கு மேலயே போகும். வருஷப்படி அடுக்குங்க, கறை கிழிசல் இருந்தா நீங்களே முதல்ல சொல்லிடுங்க. மத்ததை நான் எடுத்துக்கறேன்."

உள்ளூரிலேயே ஹெப்பாள் ஊதுபத்தித் தொழிற்சாலையில் பழைய லேபிள்களைக் காட்சிக்கு வைக்கப் போகிறார்களாம். அங்கிருந்து அதைக் கவனிக்கும் ஸ்ரீவல்லி என்ற பெண் பார்க்க வருவதாக ஏற்பாடாயிற்று. அன்று காலை செலுவநாராயணன் குளித்துவிட்டு வந்தால், கூடத்தில் நீளமாகப் பரப்பி வைத்த வரிசையின் முதல் லேபிள், பல வருஷம் தேடிக் கிடைத்த ஒரே பிரதி, நடுவில் சந்தனம் குங்குமத்தோடு சிரிக்கிறது.

"நல்ல காரியமாச்சேன்னு வெச்சேன்," என்றாள் லக்ஷ்மம்மா. ஆயுத பூஜைக்கு ஃப்ரிட்ஜ், ஸ்கூட்டர், மிக்ஸி எதையும் விடாத கை அது.

அவர் ஈரத்துணியோடு ஓடினார், துடைத்தால் லேபிள் முழுவதும் சிவப்பாகிவிடும் என்று நின்றார். எடுத்து ஒளித்துப் பார்த்தார். வரிசை முன்பல் போன வாய் மாதிரி இளித்தது. வேறு வழியில்லாமல் பழைய இடத்திலேயே வைத்து, கீழே ஒரு சீட்டில் 'குங்குமக் கறை, இன்று காலை, என் மனைவி' என்று எழுதினார்.

ஸ்ரீவல்லி சீட்டைப் படித்துவிட்டுச் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள். கடைசி லேபிள்வரை நடந்துபோய் மறுபடி முதலாவதுக்கே வந்தாள்.

"இதை மட்டும் கொண்டுவந்திருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பேன் மாமா. இந்த வரிசைல இது இல்லாட்டா மத்ததெல்லாம் பாதி வரிசைதான். முழுசா எடுத்துக்கறோம். கறைக்காகக் கொஞ்சம் குறைச்சுக்கலாமா?"

"பிரிக்காம ஒரே சுவர்ல மாட்டுவேளா?"

"எழுதியே தரேன்."

செலுவநாராயணனுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவள் குறைக்கச் சொன்னதற்கு மேல் இன்னும் இரண்டாயிரம் ரூபாயைத் தாமாகவே குறைத்தார். லக்ஷ்மம்மா முழங்கையால் இடித்த இடி அவருக்கு உறைக்கவே இல்லை.