அமுக்கிய கையை விடுவது

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். ஐம்பத்துமூன்று வயதுவரை, நின்றுபோன இதயத்தை ஓட்ட அமுக்கினால் போதும், எவ்வளவு வேகமாக, எவ்வளவு பலமாக அமுக்குகிறோமோ அவ்வளவு நல்லது என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு கறிக்கடைக்காரர் அப்படி நம்பியிருந்தால் மன்னிக்கலாம். எனக்குத் தொழிலே பம்ப் ரிப்பேர். ஈப்போவை அடுத்த செமோர் பக்கம் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் ரப்பர் பால் ஏற்றும் பம்புகளைக் கழற்றி மாட்டியே இருபது வருடம் ஓட்டியவன்.

அந்த நம்பிக்கையோடு நான் இன்னும் இரண்டு வாரம் திரிந்திருந்தால் என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், இன்று உயிரோடு இருந்திருக்க மாட்டார். இருக்கிறார். நேற்றுகூடக் காப்பியில் சீனி பத்தவில்லை என்று சண்டை போட்டார். அந்தச் சண்டைக்காக நான் நன்றி சொல்லவேண்டிய ஆள் ஒரு மிஸ்ஸி. எங்கள் ஊரில் நர்ஸை இன்னும் அப்படித்தான் கூப்பிடுகிறோம்.

தொழிற்சாலையில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு முதலுதவிக்காரர் வேண்டும் என்று உத்தரவு வந்தது. பராமரிப்புப் பகுதியிலிருந்து யார் போவது என்று கேட்டபோது எல்லோரும் தலையைக் குனிந்தார்கள். நான் மட்டும் நிமிர்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்ததால் மாட்டிக்கொண்டேன். வகுப்பு ஒரு சனிக்கிழமை, கேன்டீனில். மேசைகளை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தரையில் நான்கு ரப்பர் பொம்மைகளைக் கிடத்தியிருந்தார்கள். இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லாத பொம்மைகள். மிஸ்ஸி ஈப்போவிலிருந்து வந்திருந்தார். என் மூத்த மகள் வயதுதான் இருக்கும், சிரிப்பை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்த மாதிரி முகம்.

என் முறை வந்ததும் சட்டைக் கையை மடித்துவிட்டு இறங்கினேன். எனக்குத்தான் உறுமி அடிக்கும் கை இருக்கிறதே. மச்சான் நடத்தும் உறுமி மேளக் குழுவில் பதினைந்து வருடம் அடித்தவன் நான். அடித்தவன் என்று இறந்தகாலத்தில் சொல்வதற்குக் காரணம் உண்டு. போன தைப்பூசத்துக்கு முன்பு மச்சான் என்னை வெளியே அனுப்பிவிட்டார். நான் அடித்தால் தாளம் ஓடும். காவடிக்காரருக்கு அருள் வருகிற சமயம் எல்லோருக்கும் கொஞ்சம் வேகம் கூடும், அது வழக்கம். எனக்கு மட்டும் யாருக்கும் எதுவும் வராத சமயத்திலும் கூடிவிடும். காவடி இன்னும் கோயில் வாசலில் நிற்கும்போது என் உறுமி மலையேறிவிடும். அதற்குப் பிறகு ஒத்திகை நடக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் குழுவுக்குப் பிளாஸ்டிக் பையில் கட்டிய தேநீர்ப் பொட்டலம் வாங்கிக்கொண்டு போவது மட்டுமே என் பதவி.

பொம்மை மீதும் அதே கதைதான். ஆரம்பித்தேன், சூடு பிடித்தது, ஓடினேன். உடம்பு எடை முழுவதையும் அதன் நெஞ்சில் சாய்த்து, கை எழும்பாமல், குத்துக் குத்தென்று குத்தினேன். பொம்மையின் தோளில் ஒரு விளக்கு உண்டு. சரியாகச் செய்தால் பச்சை. எனக்கு ஆரம்பம் முதல் கடைசிவரை சிவப்பு. நான் அதை உற்சாகப்படுத்தும் விளக்கு என்று நினைத்துக்கொண்டு இன்னும் வேகமாகக் குத்தினேன்.

மிஸ்ஸி பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார்.

"அண்ணே, இவரு செத்துட்டாரு."

"இவ்வளவு அமுக்கியுமா மிஸ்ஸி?"

"அமுக்குனீங்க. எங்க விட்டீங்க?"

எனக்குப் புரியவில்லை. அவர் வெள்ளைப் பலகையில் ஒரு பெட்டி வரைந்தார். நான்கு அறைகள், மேலே இரண்டு, கீழே இரண்டு, நடுவில் சுவர். வலப்பக்க மேலறைக்கு உடம்பெல்லாம் சுற்றிக் களைத்த ரத்தம் வருகிறது. அங்கிருந்து ஒரு கதவு வழியாகக் கீழறைக்கு. கீழறை இறுகியதும் வந்த கதவு சாத்திக்கொள்ளும், வேறொரு கதவு திறக்கும், ரத்தம் நுரையீரலுக்குப் போகும். அங்கே காற்று வாங்கிக்கொண்டு இடப்பக்க மேலறைக்கு வரும், மறுபடியும் ஒரு கதவு, கீழறை, இன்னொரு கதவு, பிறகு உடம்பு முழுக்க. மொத்தம் நான்கு கதவுகள். எல்லாம் ஒரு பக்கம் மட்டுமே திறக்கும். மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் உள்ள கதவுகளுக்கு மெல்லிய நார்க் கயிறுகள் உண்டாம். கீழறை இறுகும்போது கதவு மேல்பக்கமாகப் புரண்டுவிடாமல் அவை பிடித்துக்கொள்ளும். லப், டப் என்று நாம் கேட்பது அந்தக் கதவுகள் சாத்தும் சத்தம்தான்.

"கதவை யார் திறந்து மூடுறது?" என்று கிளீனர் அக்கா ஒருவர் கேட்டார்.

யாருமில்லை என்றார் மிஸ்ஸி. அவை வெறும் மடல்கள். எந்தப் பக்கம் அழுத்தம் அதிகமோ அதைப் பார்த்துத் திறக்கும், சாத்தும்.

அப்போதுதான் என் மண்டையில் ஏதோ கழன்று சரியான இடத்தில் விழுந்தது. ரப்பர் பால் ஏற்றும் எங்கள் பம்ப் காற்றழுத்தத்தில் ஓடுவது; அதில் இரண்டு அறைகள், நான்கு பந்துகள். பந்துகளுக்கு மோட்டார் கிடையாது. ரப்பர் தகடு முன்னால் தள்ளினால் உள்ளே வந்த வழியைக் கீழ்ப்பந்து அடைக்கும், மேல்பந்து தூக்கிக்கொண்டு பாலை வெளியே விடும். தகடு பின்னால் வந்தால் மேல்பந்து விழுந்து அடைத்து, போன பால் திரும்பாமல் காக்கும், கீழ்ப்பந்து எழும்பி அறை நிரம்பும். புதிதாக வரும் பையன்கள் காற்றுக் குழாயை முழுவதும் திறந்துவிடுவார்கள். பம்ப் தடதடவென்று ஆடும், பால் வராது. பால் கெட்டியானது; அறை நிரம்ப நேரம் வேண்டும். "சத்தம் போடற பம்ப் வேலை செய்யுதுன்னு நினைக்காதே லா" என்று நானே எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன்.

இதைச் சபையில் சொன்னேன். என் பம்புதான் இதயம் என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். மிஸ்ஸி கேட்டுவிட்டு, என் பம்பில் இரண்டு அறைகளும் மாறி மாறித் தள்ளும், இதயத்தில் இரண்டு கீழறைகளும் ஒரே நேரத்தில் இறுகும், அதை மட்டும் மாற்றிக்கொள்ளச் சொன்னார். மற்றபடி சரியாம். அந்த மற்றபடியை வைத்து நான் ஒரு வாரம் பிழைத்தேன்.

பிறகு என்னை மறுபடியும் பொம்மையிடம் உட்காரவைத்தார். இதயம் நின்றவருக்கு நம் கைதான் அந்த இறுக்கம் என்றார். அமுக்கும்போது ரத்தம் முன்னால் போகிறது. விடும்போது நெஞ்சு தானாக எழும்பி உடம்பிலிருந்து ரத்தத்தை இழுக்கிறது, வெளிவாசல் கதவுகள் சாத்திக்கொண்டு போன ரத்தம் திரும்பாமல் பார்த்துக்கொள்கின்றன. இதயத்துக்கு வேண்டிய ரத்தமே பெரும்பாலும் அந்த விடுகிற நேரத்தில்தான் கிடைக்கிறது. அதற்குப் போகும் குழாய்கள் வெளிவாசல் கதவை ஒட்டி மேலேதான் கிளம்புகின்றன. சாய்ந்தே கிடந்தால் அறை நிரம்பாது. ஓடினாலும் நிரம்பாது. காலியான அறையை எவ்வளவு அமுக்கி என்ன?

ஒரு சின்னப் பெட்டியை டிக் டிக் என்று ஓடவிட்டார். நிமிடத்துக்கு நூறுக்கும் நூற்றிருபதுக்கும் நடுவில். உறுமிக்காரனுக்கு அது தூங்குகிற வேகம். மதியம்வரை செத்துப்பிழைத்து, கடைசியில் பச்சை விளக்கைப் பார்த்தேன். கிளீனர் அக்கா முதல் தடவையே பார்த்துவிட்டார் என்பதை இங்கே எழுதவேண்டிய அவசியம் இல்லை.

வகுப்பு முடிந்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம். சுங்கை சிப்புட்டில், முன்பு பால்மரமாக, அதாவது ரப்பராக இருந்து, இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனையாகிவிட்ட தோட்டத்தின் ஓரத்தில் ஒரு கோயில் உண்டு. அதன் பின்னால் உள்ள மண்டபத்தில்தான் ஒத்திகை. நான் தேநீர்ப் பொட்டலங்களைத் தூணில் மாட்டிக்கொண்டிருந்தேன். மச்சான் உறுமியைக் கழற்றிக் கீழே வைத்தார். தோளைத் தேய்த்தார். என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார், என் தேநீரைப் பற்றி ஏதோ நக்கலாக இருக்கும், அப்படியே சரிந்தார்.

தட்டினேன், கூப்பிட்டேன், பதில் இல்லை. குறட்டை மாதிரி ஒரு இழுப்பு வந்தது. மூச்சு இருக்கிறது என்று ஒருவன் சொன்னான். அது மூச்சு இல்லை, அப்படி இழுத்தால் ஏமாறாதீர்கள் என்று மிஸ்ஸி சொல்லியிருந்தார். என்னோடு வந்திருந்த என் மனைவியை ஆம்புலன்ஸுக்கு 999-ஐக் கூப்பிடச் சொல்லிவிட்டு நெஞ்சின் நடுவில் கை வைத்தேன்.

ஓடினேன். ஆமாம், பயத்தில் மறுபடியும் ஓடினேன். கண் முன்னால் கிடப்பது ரப்பர் இல்லை, என் மச்சான். ஒரு இருபது அமுக்கு அமுக்கியிருப்பேன், என் எடை முழுவதும் அவர் மேல் கிடந்தது. அப்போது எனக்குத் தடதடக்கும் பம்ப் ஞாபகம் வந்தது. சத்தம் இருக்கிறது, பால் வரவில்லை.

பக்கத்தில் குழுவுக்குத் தாளம் பிடிக்கும் தம்பி திகைத்து நின்றான். அவனை எண்ணச் சொன்னேன். "மெதுவாவும் வேணாம், ஓடவும் வேணாம், நான் ஓடுனா கத்து." அவன் குச்சியைத் தூணில் தட்டித் தட்டி எண்ணினான். இரண்டு தடவை கத்தினான். அமுக்கினேன், கை அவர் மேல் இருந்தபடியே எடையை மட்டும் முழுவதும் தூக்கி நெஞ்சை எழும்பவிட்டேன். உள்ளே எந்தக் கதவு திறக்கிறது, எது சாத்துகிறது என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு தடவை விடும்போதும் நிரம்பு, நிரம்பு என்று வேண்டிக்கொண்டேன். முருகனைக் கூப்பிட மறந்தே போனேன். அவன் கோவிக்கவில்லை என்றே நினைக்கிறேன். ஒரு விலா எலும்பு படக்கென்றது. நிறுத்தவில்லை. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை தவில்காரரும் நானும் மாறிக்கொண்டோம். அவரிடமும், "விடணும், முழுசா விடணும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து நெஞ்சில் மின்சாரம் கொடுத்தார்கள். இரண்டாவது தடவை மச்சானின் இதயம் தன் வேலையைத் தானே எடுத்துக்கொண்டது.

ஈப்போ ஆஸ்பத்திரியில் ரத்தக்குழாய் அடைப்பை எடுத்து உள்ளே ஒரு குழாய் வைத்தார்கள். மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை என்றார் டாக்டர்.

மிஸ்ஸிக்கு ஒரு கூடை பொமெலோப் பழம் கொண்டுபோய்க் கொடுத்தேன். நடந்ததைச் சொன்னேன், வழக்கம்போல் கொஞ்சம் கூட்டித்தான். கடைசிவரை கேட்டுவிட்டு, "முழுசா விட்டீங்களா அண்ணே?" என்று மட்டும் கேட்டார். விட்டேன் என்றேன். அன்றுதான் அவருக்குச் சிரிக்கத் தெரியும் என்று கண்டுபிடித்தேன்.

தாளம் பிடிக்கும் தம்பிக்கு, தவில்காரருக்கு, 999-இல் போனை எடுத்துப் பதற்றமில்லாமல் பேசிய அந்த முகம் தெரியாத பெண்ணுக்கு, தங்களுக்கென்று ஒரு யோசனையும் இல்லாமல் அழுத்தத்துக்குப் பணிந்து சாத்தித் திறந்த அந்த நான்கு கதவுகளுக்கு, எல்லோருக்கும் சேர்த்து மச்சான் வீட்டு வாசலில் உட்கார்ந்து தினமும் மனதுக்குள் கும்பிடுகிறேன். மச்சான் இப்போது கோயில்வரை நடக்கிறார். விலா இன்னும் வலிக்கிறதாம், தும்மும்போதெல்லாம் என்னைத் திட்டுகிறார். குழுவை மறுபடியும் கூட்டப்போகிறார் என்று கேள்விப்பட்டு, நேற்று காப்பியோடு போய் உட்கார்ந்தேன். இப்போது எனக்குத் தாளம் நிற்கிறது, தம்பியே சாட்சி, என்னை மறுபடியும் உறுமிக்குச் சேர்த்துக்கொள்ளலாமே என்று நயமாகக் கேட்டேன்.

மச்சான் காப்பியை ஒரு மடக்குக் குடித்துவிட்டுச் சொன்னார்:

"என் நெஞ்சுல அடிச்சதே போதும் மாப்ள."