கோழி மீ குறைந்தது, கறி மீ கூடியது

கோலா கெத்தில் டவுனில் உள்ள அழகேசன் மளிகைக் கடையில் அகத்தா அக்காவின் வாய்க்குப் பயப்படாதவர் கிடையாது. ஸ்டோர் அவர் பொறுப்பு. கடையில் மீன் வெட்டும் எனக்கே தினமும் திட்டு விழும். ஆனால் கடையில் ஒருவருக்கு அநியாயம் நடந்தால் முதலில் கேட்பதும் அதே வாய்தான்.

தீபாவளி முடிந்ததும் சரக்கை எண்ணினோம். கம்ப்யூட்டரில் இருப்பதைவிடக் கடையில் நிறையக் குறைந்தது. முதலாளி அழகேசன் குறைந்த சாமான்களை மட்டும் அச்செடுத்துவந்து, கல்லாவில் நிற்கும் குணசுந்தரி முன் போட்டார்.

“எல்லாம் உன் கை வழியாத்தான போவுது? நாளையிலேர்ந்து வராத.”

திருடி என்று பெயர் வாங்கிக்கொண்டு இந்தச் சின்ன டவுனில் அவள் எங்கே வேலை தேடுவாள்? அவள் நின்ற இடத்திலேயே அழுதாள்.

“இருங்க முதலாளி,” என்றார் அகத்தா அக்கா. “குறைஞ்சத காட்டுறீங்க. கூடுனது எங்க?”

“கூடுனா நல்லதுதான லா?”

“அதையும் எடுங்க.”

எடுத்தார். பாக்கெட் நூடுல்ஸில் கோழிச் சுவை மீ எவ்வளவு குறைந்ததோ, ஏறக்குறைய அவ்வளவு கறிச் சுவை மீ கூடியிருந்தது. குளிக்கும் சவர்க்காரத்திலும் அதே கதை: ரோஜா குறைவு, மல்லிகை அதிகம்.

“ரெண்டும் ஒரே வெல. கலந்து எடுத்துட்டு வர்றாங்க. மொத்தத்தையும் கறின்னு அடிச்சா கம்ப்யூட்டர் கோழிய கழிக்காது, கடையில கோழி குறைவாத் தெரியும். விக்காத கறியையும் கழிச்சிருக்கு, அதான் கறி கூடுது. கியூ நீளுது, ஒன்ன ஸ்கேன் பண்ணி பெருக்கிப் போடுன்னு கத்துனது யாரு?”

கத்தியது முதலாளிதான். கடையே கேட்டிருக்கிறது.

வெங்காயமும் நெத்திலியும் எடை குறைந்திருந்தன. அவை காயும்; அழுகியதை நாங்களே கொட்டினோம், ஆனால் கம்ப்யூட்டரில் கழிக்கவில்லை. பழைய கணக்கெடுப்புகளிலும் இதே அளவுதான் போயிருந்தது.

மிஞ்சியது சவர பிளேடு. அது காயாது, அழுகாது. வேறு எந்த வகையிலும் கூடவில்லை. வந்த சரக்கும் பில்லும் சரியாக இருந்தன. அகத்தா அக்கா பிளேடு மாட்டும் மூலையில் அரிசி மூட்டைகளை நகர்த்தச் சொன்னார். பின்னால் கிழித்துச் செருகிய வெறும் அட்டைகள்!

“இதுதான் திருட்டு. கேமரா எட்டாத மூலையில யாரோ நின்னு கிழிச்சிருக்கான். கல்லாவ விட்டு நகர நேரமில்லாத புள்ள இங்க வந்தா கிழிச்சா?”

அழகேசன் கல்லாப் பக்கம் திரும்பினார். “தப்புதான்மா, குணசுந்தரி,” என்றார், எல்லோரும் கேட்கும்படி. எனக்குக் கைதட்டவேண்டும்போல் இருந்தது, தட்டியும்விட்டேன்.

பிளேடுகள் கல்லாவுக்குப் பின்னால் வந்தன. அடுத்த கணக்கெடுப்பில் ஒரு பிளேடுகூடக் குறையவில்லை, மீயும் சரியாக நின்றது. வெங்காயம் மட்டும் வழக்கம்போல் காய்ந்திருந்தது.

அன்று மாலை முதலாளி, தன் வீட்டுக்காகக் கறியும் கோழியுமாக ஒரு கூடை மீ எடுத்துக்கொண்டு கல்லாவுக்கு வந்தார்.

“சீக்கிரம் அடிம்மா.”

குணசுந்தரி தலை நிமிராமல் முதல் பாக்கெட்டை ஸ்கேன் செய்தாள். பிறகு அடுத்ததை.

“கொஞ்சம் பொறுங்க பாஸ்,” என்றாள். “ஒன்னொன்னாத்தான் அடிப்பேன்.”